மேடையில் வாசிக்கும் தாள்: எங்கே தட்டுகிறது, எதைத் திருத்துவது

பாளையங்கோட்டைக்கு மேற்கே ஓர் ஊரில், நூலகத்தை ஒட்டிய திடலில், 1908ஆம் ஆண்டுத் திருநெல்வேலி எழுச்சியைப் பற்றிய 12 நிமிட வாசிப்பு ஒன்று நடந்தது. அதற்குத் தாள் அடித்துக் கொடுத்தவன் நான். வாசித்தவர் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நாற்பது ஆண்டுகளாக வகுப்பறையில் குரல் பழகியவர், பாடத்தையும் நன்கு அறிந்தவர். இருந்தும் அன்று மாலை ஆறு ஏழு இடங்களில் தடுமாறினார். மறுநாள் காலை, தடுமாறிய இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு என் டி.டி.பி. கடைக்கு வந்து தாள்களை மேசைமேல் வைத்தார். "தம்பி, எனக்குப் பாடம் தெரியாம இல்ல. உங்க தாளுதான் என்னைய மடக்கிட்டு" என்றார்.

வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. எழுத்தைப் பெரிதாக்கியதோடு என் வேலை முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் மேடையில் வாசிப்பவரின் கண் தாளிலேயே தங்குவதில்லை. அது அவையைப் பார்க்க எழுகிறது, மீண்டும் இறங்குகிறது. இறங்கிய கண்ணுக்கு அரை நொடியில் இடம் கிடைக்க வேண்டும். கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த அரை நொடியில் நேர்பவை. அவருடைய பென்சில் வட்டங்களையே தலைப்புகளாகக் கொண்டு, கோளாறு, காரணம், திருத்தம் என்று எழுதுகிறேன்.

எந்தத் திருத்தத்திற்கும் முன்னால் ஒரு சோதனை செய்துகொள்ள வேண்டும். உரையின் நடுவிலிருந்து இரண்டு பக்கங்களை மட்டும் அச்சிட்டு, மேடையில் இருக்கப்போகும் அதே உயரத்தில் ஒரு தாங்கியில் வைத்து, வாசிக்கப்போகிறவரையே நின்றுகொண்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எதிரே அமர்ந்து இன்னொரு படியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் குரல் தட்டும் இடத்தில் மட்டும் ஒரு கோடு போடுங்கள், நடுவில் பேச வேண்டாம். முதல் பக்கத்தை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. அது எல்லோருக்கும் ஏறக்குறைய மனப்பாடமாகவே இருக்கும்.

எழுத்து பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனாலும் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது

முதலில் தொலைவை அளந்து பாருங்கள். புத்தகத்தை நாம் கண்ணிலிருந்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டரில் பிடித்து வாசிக்கிறோம். நின்றுகொண்டு, இடுப்புக்குச் சற்று மேலே உள்ள சாய்தாங்கியில் வைத்த தாளை வாசிக்கும்போது அந்தத் தொலைவு 70 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. 40 சென்டிமீட்டரில் 12 பாயிண்ட் எழுத்து எவ்வளவு பெரிதாகத் தோன்றுமோ, அதே தோற்றம் 70 சென்டிமீட்டரில் கிடைக்க வேண்டுமானால் 12ஐ 70ஆல் பெருக்கி 40ஆல் வகுக்க வேண்டும், 21 வருகிறது. இது நல்ல வெளிச்சத்தில், நிதானமாக வாசிப்பதற்கான அளவு. மேடையின் வெளிச்சத்தையும் பதற்றத்தையும் கணக்கில் சேர்த்து நான் 24இல் தொடங்குகிறேன். ஆசிரியருக்கு முதலில் நான் கொடுத்தது 18. கடை மேசையில் வைத்துப் பார்த்தபோது அது மிகப் பெரிதாகத் தெரிந்ததுதான் நான் ஏமாந்த இடம்.

இரண்டு கண்ணாடி சேர்ந்த மூக்குக்கண்ணாடி அணிபவர் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் கீழ்ப்பகுதி புத்தகத் தொலைவுக்காக அமைக்கப்பட்டது, மேல்பகுதி தூரத்திற்கானது, 70 சென்டிமீட்டர் இரண்டுக்கும் இடையில் விழுகிறது. எழுத்தை 30 பாயிண்ட் ஆக்கினாலும் அந்த மங்கல் முழுதும் போகாது. தாங்கியை உயர்த்தித் தொலைவைக் குறைப்பதே இதற்கு எளிய வழி. ஆசிரியருக்குத் தாங்கியின் கீழ் இரண்டு செங்கல் வைத்ததில் தொலைவு 58 சென்டிமீட்டராகக் குறைந்தது, குனிவதும் நின்றது. தாங்கியை அவர் முகத்தை அவையிலிருந்து மறைக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றிவிடக் கூடாது.

அளவைச் சரியாகக் கொடுத்த பிறகும் தாளில் சிறிதாக வருகிறதா? அப்படியானால் இரண்டு இடங்களைப் பாருங்கள். LibreOffice Writerஇல் தமிழ் எழுத்தின் அளவு, பாணி அமைப்பில் CTL என்ற பகுதியில் தனியாக இருக்கிறது. மேலே உள்ள பகுதியில் மட்டும் 24 என்று கொடுத்தால் 1908 என்ற எண் பெரிதாகும், அதைச் சுற்றியுள்ள தமிழ் பழைய அளவிலேயே நிற்கும். எண்ணும் எழுத்தும் அளவில் ஒவ்வாமல் இருந்தால் கோளாறு அங்கேதான். மற்றோர் இடம் ஜெராக்ஸ் கடை. அச்சுப் பெட்டியில் Fit என்று இருந்தால் பக்கம் சுருங்கித்தான் வரும், Actual size என்று மாற்றச் சொல்ல வேண்டும். அச்சிட்ட தாளில் இடது ஓரத்தை அளவுகோலால் ஒருமுறை அளந்துவிட்டால் சுருங்கியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

"கொடை" என்று எழுதியிருக்க, "கோடை" என்று வாசித்துவிட்டார்

அன்று அவையில் சிரிப்பை எழுப்பியது இந்த இடம்தான். நம் பக்கத்தில் கொடை என்றால் என்னவென்று சிறுபிள்ளைக்கும் தெரியும். வரவேற்புரையில் "கொடை விழாவுக்கு வந்திருக்கும்" என்ற சொற்கள் "கோடை விழாவுக்கு வந்திருக்கும்" ஆகிவிட்டன. வாசித்தவருடைய குற்றமன்று. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு சுழிதான். நான் தேர்ந்தெடுத்த எழுத்துரு அந்தச் சுழியை மிக நெருக்கமாக வரைந்திருந்தது. போதாக்குறைக்கு நான் அதைத் தடித்த எழுத்தாகவும் ஆக்கியிருந்தேன். தமிழில் தடித்த எழுத்து எப்போதும் தெளிவைக் கூட்டுவதில்லை. கொம்பின் உள்வெளியும், ண, ன, ஞ ஆகியவற்றின் சுழிகளுக்கு இடையிலுள்ள வெளியும் மையால் அடைபட்டுப் போகின்றன. மெல்லிய எழுத்தும் ஆகாது, ஏனென்றால் அதில் புள்ளி மறைந்துவிடும். Noto Sans Tamil எழுத்துருவில் சாதாரணத்துக்கும் தடிமனுக்கும் இடையே Medium என்றொரு கனம் உண்டு. மேடைத் தாளுக்கு அதைத்தான் இப்போது பயன்படுத்துகிறேன்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது முழு உரையையும் அடித்துப் பார்க்கத் தேவையில்லை. கொடை, கோடை, எடு, ஏடு, பணம், பனம், கரி, காரி என்று குழம்பக்கூடிய சொற்களை ஒரு தாளில் 24 பாயிண்டில் அடித்து, இரண்டு எட்டுத் தள்ளி நின்று, முன்பின்னாக மாற்றி வாசித்துப் பாருங்கள். ஒரு சொல்லைக்கூட உற்றுப் பார்க்காமல் வாசிக்க முடிந்தால் அந்த எழுத்துரு போதும்.

புள்ளிகளே காணாமல் போவது இதே கோளாற்றின் இன்னொரு வடிவம். வரி இடைவெளியை Word மென்பொருளில் Exactly என்று வைத்து, அந்த அளவும் குறைவாக இருந்தால், வரியின் உயரத்தைத் தாண்டும் பகுதி வெட்டுப்படும். ஆங்கில எழுத்துக்குப் பெரும்பாலும் இதனால் சேதமில்லை. தமிழிலோ மேலே புள்ளியும் கி, கீ ஆகியவற்றின் வளைவும், கீழே மூ, ழு, கு ஆகியவற்றின் சுழியும் நீட்டிக்கொண்டிருப்பதால் முதலில் வெட்டுப்படுவது அவைதான். இடைவெளியை At least என்று மாற்றி, 24 பாயிண்ட் எழுத்துக்கு 38 பாயிண்ட் கொடுத்தால் வெட்டும் நிற்கும், வரிகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும்.

தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தால் வரி தவறிப்போகிறது

அவருடைய வட்டங்களில் பாதிக்கு மேல் இந்த வகையைச் சேர்ந்தவை. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நான் அவருக்குக் கொடுத்த தாளில் ஒரு பகுதி இப்படி இருந்தது:

```
1908 மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய
சிவாவும் கைது செய்யப்பட்ட
செய்தி பரவியதும் மறுநாள் திருநெல்வேலியில்
கடைகள் அடைக்கப்பட்டு மாணவர்கள்
தெருவில் இறங்கத் துப்பாக்கிச்
சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.
```

இடம் முடிந்த இடத்தில் மென்பொருள் வரியை உடைத்திருக்கிறது. "சுப்பிரமணிய" என்று முதல் வரி முடிந்தவுடன் அவர் தலை நிமிர்ந்தார். அது இயல்பு. வரி முடிந்த இடத்தில்தான் கண் எழ விரும்பும். ஆனால் பெயர் பாதியில் நின்றது. மீண்டும் குனிந்தபோது "சிவாவும்" தொடங்கும் வரிக்குப் பதில் அடுத்த வரியான "செய்தி" கண்ணில் பட்டது. இரண்டும் சகரத்தில் தொடங்குவது போதாதா?

திருத்தத்தின் அடிப்படை இதுதான்: இடம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு மூச்சில் ஒன்றாகச் சொல்லப்படும் தொடரே ஒரு வரி. இதற்கு வரியின் அகலத்தை முதலில் குறுக்க வேண்டும். A4 தாளை நெடுக்காக வைத்து, இடப்பக்கம் 5 சென்டிமீட்டரும் வலப்பக்கம் 2 சென்டிமீட்டரும் ஓரம் விட்டால் எழுத்துக்கு 14 சென்டிமீட்டர் மிஞ்சும். 24 பாயிண்டில் அது மூன்று அல்லது நான்கு சொற்களுக்குப் போதும். கண்ணை இடவலமாக ஓட்டாமல் ஒரே பார்வையில் அள்ளிக்கொள்ளக்கூடிய அளவும் அதுவே. இருபுறமும் சமன்படுத்தும் அமைப்பை நீக்கி, இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக நிறுத்துங்கள். வலப்பக்கம் ஏறுக்கு மாறாக இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தனி உருவம் கிடைக்கிறது, இறங்கி வரும் கண் அந்த உருவத்தைப் பிடித்துக்கொள்கிறது.

எங்கே உடைக்கக் கூடாது என்பதற்குத் தமிழ் இலக்கணமே துணை நிற்கிறது. பெயரெச்சத்தையும் அது தழுவும் பெயரையும் பிரிக்காதீர்கள். "கைது செய்யப்பட்ட" என்று நிறுத்தினால் எது என்ற கேள்வி காற்றில் தொங்கும். மாறாக வினையெச்சத்திற்குப் பின்னும், எழுவாய்க்குப் பின்னும், இடத்தையோ காலத்தையோ சொல்லும் தொடருக்குப் பின்னும் தாராளமாக உடைக்கலாம், குரல் அங்கே தானாகவே சற்றுத் தங்கும்.

இதைவிட எளிய அடையாளமும் ஒன்று உண்டு. வரியின் கடைசி எழுத்து க், ச், த், ப் என்ற நான்கில் ஒன்றாக இருந்தால் அந்த வரி தவறான இடத்தில் உடைந்திருக்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் இயல்பாக இந்த எழுத்துகளில் முடிவதில்லை. அடுத்த சொல்லோடு ஒட்டிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அங்கே ஒற்று மிகுந்திருக்கிறது. "துப்பாக்கிச்" என்று வரி முடிந்தால், சொல்லிக்கொண்டிருக்கும் வாய் அந்த ச்சோடு நின்று போகும். முதலில் "துப்பாக்கிச் சூட்டில்" என்பதை ஒரே வரிக்குக் கொண்டுவர முயல வேண்டும். "நூலகத்திற்குப் போனார்கள்" போன்ற தொடரில் பொருள் கருதி நிறுத்தியே ஆக வேண்டுமானால், மேடைத் தாளில் மட்டும் அந்த ஒற்றை எடுத்துவிடலாம், நிறுத்தம் வரும் இடத்தில் ஒற்று ஒலிக்கப் போவதில்லை. அச்சு நூலுக்கு இந்தச் சலுகை இல்லை. தமிழாசிரியரிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

ஒவ்வொரு வரியையும் Enter தட்டித் தனிப் பத்தியாக அமைத்திருந்தால், LibreOffice Writerஇன் Find & Replace பெட்டியில் Regular expressions என்பதைத் தேர்ந்தெடுத்து இதை இட்டுத் தேடலாம்:

```
(க|ச|த|ப)்$
```

ஒற்றில் முடியும் வரிகளை மட்டும் அது ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். 25 பக்க உரையில் கண்ணால் தேடுவதைக் காட்டிலும் இது நம்பகமானது.

அதே பகுதியைத் திருத்திய பிறகு இப்படி ஆயிற்று:

```
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு,
மார்ச் பன்னிரண்டு. //

வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும்
கைது செய்யப்பட்ட செய்தி
ஊரெங்கும் பரவியது. /

மறுநாள்,
திருநெல்வேலியில்
கடைகள் அடைக்கப்பட்டன;
மாணவர்கள் தெருவில் இறங்கினர். //

துப்பாக்கிச் சூட்டில்
நால்வர் உயிரிழந்தனர். //
```

எந்த வரியிலும் 16 எழுத்துக்கு மேல் இல்லை. ஆண்டை எண்ணாக எழுதாமல் எழுத்தால் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். 1908 என்ற எண்ணைக் கண் எளிதில் பிடித்துவிடும். ஆனால் அதை "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு" என்று வாய் மொழிபெயர்க்க ஒரு கணம் ஆகிறது, அந்தக் கணம் அவைக்குத் தெரிந்துவிடுகிறது. நீண்ட ஒற்றை வாக்கியத்தை நான்காகப் பிரித்ததும் வேண்டுமென்றே செய்ததுதான். உரையை எழுதியவரின் இசைவோடு செய்ய வேண்டிய வேலை அது, தாள் அடிப்பவர் தாமாகச் செய்யலாகாது.

ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரல் இறங்குகிறது, செய்யுள் ஒப்பிப்பதுபோல் கேட்கிறது

மேலே சொன்ன திருத்தத்தை அளவுக்கு மீறிச் செய்தால் வரும் பக்கவிளைவு இது. இரண்டாம் ஒத்திகையில் ஆசிரியர் "திருநெல்வேலியில்" என்ற ஒற்றைச் சொல் வரியில் குரலை இறக்கிவிட்டார். தனித்து நிற்கும் சொல்லை வாக்கியம் முடிந்ததாகக் குரல் எடுத்துக்கொள்கிறது. ஒற்றைச் சொல் வரிகள் அடுத்தடுத்து வந்தால் அவற்றைச் சேர்த்துவிடுங்கள். நாங்கள் "மறுநாள், திருநெல்வேலியில்" என்று ஒரே வரியாக்கியதும் சரியாயிற்று. வாக்கியங்களுக்கு இடையே மட்டும் அரை வரி வெற்றிடம் விட்டு, வாக்கியத்திற்குள் வரிகளை நெருக்கமாக வைத்தால், எது முடிவு, எது தொடர்ச்சி என்பது கண்ணுக்குத் தெரியும். எல்லா வரிகளுக்கும் ஒரே இடைவெளி இருக்கும் வரை இந்த ஒப்பிக்கும் தொனி போகாது.

குறிப்பையும் சேர்த்து வாசித்துவிட்டார்

"(இங்கே சற்று நிறுத்தவும்)" என்று அடைப்புக்குறிக்குள் அடித்திருந்தேன். அவர் நிறுத்தவில்லை, அதை அப்படியே கணீரென்று வாசித்தார். எழுத்தில் எழுதப்பட்டது எதுவாக இருந்தாலும் வாய் அதை வாசிக்கும். ஆகவே உரை வரிக்குள் வரும் குறி சொல்லாக இருக்கக் கூடாது, வாசிக்க முடியாத வடிவமாக இருக்க வேண்டும். ஒரு சாய்கோடு குறுநிறுத்தம், இரண்டு சாய்கோடு நெடுநிறுத்தம். இவ்விரண்டே பெரும்பாலான உரைகளுக்குப் போதும். பத்து வகைக் குறிகளை உருவாக்கிக்கொண்டால் வாசிப்பவர் குறியின் பொருளை நினைவுபடுத்திக்கொண்டிருப்பார்.

அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு போடுவது நம் பள்ளிப் பழக்கம். கணினியில் போடும் அடிக்கோடு எழுத்தை ஒட்டியே ஓடுவதால் கு, ரு, மூ ஆகியவற்றின் கீழ்ச்சுழியை அறுத்துக்கொண்டு போகிறது, குறிலா நெடிலா என்பதே தெரியாமல் போகிறது. அதற்குப் பதிலாக அந்தச் சொல்லுக்கு முன் ஒரு சிறு நிமிர்ந்த கோடு போடலாம். சொல்லுக்குப் பின்னால் வரும் அழுத்தக் குறியால் பயனில்லை, அதைப் பார்க்கும்போது சொல் வாயை விட்டுப் போயிருக்கும்.

ஒலிக்கும் விளக்குக்கும் உரிய குறிகளை உரை வரிக்குள் வைக்கவே கூடாது. 5 சென்டிமீட்டர் இட ஓரம் விட்டதே அவற்றுக்காகத்தான்.

ஒத்திகையில் தெரிந்த குறி மேடையில் தெரியவில்லை

நிறுத்தக் குறிகளை நான் சிவப்பு மையில் போட்டிருந்தேன். ஒத்திகை நடந்த அறையில் வெள்ளை விளக்கு இருந்ததால் அவை பளிச்சென்று தெரிந்தன. மேடையில் துப்பாக்கிச் சூட்டுப் பகுதிக்குச் சிவப்பு விளக்குப் போட்டவுடன் ஒரு குறியும் இல்லை. சிவப்பு ஒளியில் வெள்ளைத் தாளும் சிவப்பாகத் தெரிகிறது, சிவப்பு மையும் சிவப்பாகவே தெரிகிறது, இரண்டுக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது. விளக்குப் போட்டவரிடம் கேட்டேன். "செவப்பு லைட்டுல செவப்பு மை எப்படித் தெரியும் அண்ணாச்சி? முன்னாலயே சொல்லிருந்தா நானே சொல்லிருப்பேன்லா" என்றார். மஞ்சள் ஒளிரும் பேனாவால் தீட்டினாலும் இதே கதிதான், மஞ்சள் கலந்த விளக்கின் கீழ் அது வெறும் தாளாகிவிடும்.

குறிகளைக் கறுப்பில் போட்டு, நிறத்தால் அல்லாமல் வடிவத்தாலும் தடிமனாலும் வேறுபடுத்துங்கள். இதைச் சோதிக்க மேடை விளக்குத் தேவையில்லை. கைபேசி விளக்கின்மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைப் பிடித்து, இருட்டறையில் தாளைப் பார்த்தால் போதும்.

குறி மட்டுமன்றித் தாளே பளபளத்து ஒன்றும் தெரியவில்லை என்றால், தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். உறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

உறுமி இரண்டு நொடி பிந்தி ஒலிக்கிறது

"நால்வர் உயிரிழந்தனர்" என்ற சொல்லோடு உறுமி எழ வேண்டும், விளக்கு தணிய வேண்டும். அன்று வாசகம் முடிந்து, அமைதி நிலவி, ஆசிரியர் அடுத்த வரியைத் தொடங்கிய பிறகு உறுமி வந்தது. குறி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் ஒலிக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. இசைப்பவர் அதைப் பார்த்து, கோலை எடுத்து, அடிக்க வேண்டாமா?

ஆகவே ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓரத்தில் இரண்டு குறிகள் வேண்டும். வெற்றுக் கட்டம் "தயாராகு" என்றும், நிறைந்த கட்டம் "இப்போது" என்றும் பொருள்படும். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

```
□ 3    கடைகள் அடைக்கப்பட்டன;
       மாணவர்கள் தெருவில் இறங்கினர். //

       துப்பாக்கிச் சூட்டில்
■ 3    நால்வர் உயிரிழந்தனர். //
```

இடையில் இரண்டு வரியும் ஒரு நெடுநிறுத்தமும் கிடைக்கின்றன, கோலை எடுத்துக் காத்திருக்க அது தாராளம். உறுமிக்காரருக்கும் விளக்குப் போடுபவருக்கும் இதே பக்கங்களின் படியைக் கொடுக்க வேண்டும், தனியாகச் சுருக்கி அடித்த தாளைக் கொடுத்தால் பக்க எண் பொருந்தாது. உறுமிக்காரர் தாளைப் பார்த்துக்கொண்டே அடிக்க முடியாதவர் என்றால் "உயிரிழந்தனர்" என்ற கடைசிச் சொல்லை மட்டும் காதில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தச் சொல் உரையில் முன்னதாக வேறெங்கும் வராதபடி பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. எங்கள் உரையில் அது இரண்டாம் பக்கத்திலும் இருந்தது. அங்கே "மறைந்தனர்" என்று மாற்றினோம்.

பக்கம் திருப்பும்போது பேச்சு அறுகிறது

வாக்கியம் பக்கத்தின் கடைசியில் பாதியில் நிற்பதே காரணம். ஒவ்வொரு பக்கமும் முழு வாக்கியத்தோடு முடியட்டும், கீழே எவ்வளவு வெற்றிடம் மிஞ்சினாலும் பாதகமில்லை. உண்மையில் தாளின் கீழ் மூன்றில் ஒரு பகுதியை வேண்டுமென்றே வெறுமையாக விடுவது நல்லது. அங்கே எழுத்து இருந்தால் அதை வாசிக்க முகம் தாழ்ந்து, வாய் மைக்கை விட்டு விலகி, ஒலி குறையும். நான் சொன்ன அளவுகளில் பக்கத்திற்கு 12 வரி வரும். ஆசிரியரின் நிதானத்தில் ஒரு பக்கம் அரை நிமிடத்திற்குள் முடிந்துவிடுகிறது, ஆக 12 நிமிடத்திற்கு 25 பக்கம் வரை ஆயிற்று. இந்தத் தாள் கனத்தைத் தவிர்க்க முடியாது. அதற்காக இருபுறமும் அச்சிட்டால் விளக்கின் எதிர்வெளிச்சத்தில் பின்பக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியும், முன்பின் குழப்பமும் வரும். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, பின் அடிக்காமல், முடிந்த தாளைத் திருப்பாமல் இடப்பக்கம் நகர்த்துவதே மைக்கில் சரசரப்பு இல்லாத வழி.

ஆனால் பின் அடிக்காத தாளுக்கு ஆனி, ஆடி மாதங்களில் திறந்த மேடை பகை. தென்காசிப் பக்கம் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் காற்றில் இரண்டு தாள் பறந்த பிறகு வாசிப்பு வாசிப்பாக இருக்காது. அந்தக் காலத்தில் மட்டும் தாள்களை இரு வளையக் கோப்பில் கோத்து, கீழ் மூலையை ஒரு துணிக் கிளிப்பால் பிடித்துக்கொள்கிறோம். திருப்பும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அச்சுக் கடையில் தமிழே காணோம், "tzf;fk;" என்று வருகிறது

உரை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கிறது, கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. அந்த எழுத்துருவில் "வணக்கம்" என்ற சொல் உள்ளுக்குள் இப்படித்தான் இருக்கும். யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற நேரமில்லை என்றால் அடித்த கணினியிலேயே பி.டி.எஃப். ஆக்கி, அதை மட்டும் கொண்டுபோங்கள்.

கடைசி நேரத்தில் ஒரு பத்தி சேர்ந்ததும் எண்கள் எல்லாம் மாறிவிட்டன

விழா தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது யாராவது ஒருவர் பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள். கோப்பில் சேர்த்து முழுவதையும் மறுபடி அச்சிட்டால் வரிகள் நகரும், பக்க எண்கள் மாறும், உறுமிக்காரர் கையிலிருக்கும் படி பொய்யாகிவிடும். முழுத் தாளையும் தொடாதீர்கள். புதிய பகுதியைத் தனித் தாளில், அதே அளவில், 7அ என்று பெரிதாக எண்ணிட்டு அச்சிடுங்கள். ஏழாம் தாளின் கீழே உள்ள வெற்றிடத்தில் "7அ" என்று கறுப்புக் குறிப்பேனாவால் எழுதிக் கட்டமிட்டு, கையில் படி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் 7அ தாள் போய்ச் சேர்ந்ததா என்று நேரில் பாருங்கள். அச்சிட வழியில்லாதபோது ஆசிரியர் தம் கையாலேயே எழுதிக்கொள்கிறார். கரும்பலகையில் எழுதிப் பழகிய அந்தக் கையெழுத்து என் 24 பாயிண்ட் எழுத்தைவிடத் தெளிவாகவே இருக்கிறது.